ஏரி உரைக்கு என்ன கேட்கலாம்?

"கிராம ஏரிகளும் ஊர் நிர்வாகமும் பற்றி ஒருவர் உரை தரப்போகிறார். அவரிடம் என்ன கேட்கலாம்?"

உத்திரமேரூர் கல்வெட்டிலிருந்தே தொடங்குங்கள். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியம் வருகிறது, குடவோலையில் ஆள் எடுக்கிறார்கள், பதவி ஓராண்டுக்குத்தான். எல்லாம் சரி. ஆனால் அது பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக விட்ட ஊர். வாரியத்துக்கு வர கால் வேலி அளவுக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குள் வயது இருக்க வேண்டும். இதை வைத்து எல்லா ஊரும் இப்படித்தான் நடந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? மண் சுமந்தவர்களுக்கு அதில் என்ன குரல் இருந்தது?

அப்புறம் குடிமராமத்து, அதாவது ஊராரே உழைத்து ஏரியையும் கால்வாயையும் பராமரிக்கும் முறை. எல்லோரும் மனமுவந்து செய்தார்கள் என்று உரையில் வந்தால், 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் ஏன் போட்டார்கள் என்று கேளுங்கள். பழைய ஏற்பாடு அதற்குள் தளர்ந்துவிட்டதா, இல்லை முதலிலிருந்தே வற்புறுத்தல் கலந்ததா? இரண்டுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். (பெரும்பாலும் இங்கேதான் பேச்சு திணறும்.)

இன்றைய நிலைக்கு என் கேள்வி ஒன்றுதான்: ஏரி நீர் பாயும் நிலமான ஆயக்கட்டில் போர்வெல் வைத்திருப்பவருக்கு மடை திறக்கும் முறையைப் பற்றி என்ன கவலை? அவர் வரத்துக்கால்வாய் தூர்வார ஏன் வர வேண்டும்? 2017இல் குடிமராமத்தை அரசு மறுபடி கொண்டுவந்தபோது பணத்தில் பெரும்பகுதியும் அரசிடமிருந்தே வந்தது. தூர்வாரிய அடுத்த ஆண்டு மடையைப் பார்த்துக்கொண்டது யார், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிக்குக் கூலி கொடுத்தது யார் என்று ஒரு ஏரியின் பெயரைச் சொல்லிப் பதில் கேளுங்கள்.