63,000 கேட்டேன், 35,000 தான் என்றார்கள்

போன மாதம் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை ஒன்று வந்தது. மோட்டார் வாங்கும் விவசாயிக்கு டப்பாவோடு சேர்த்துக் கொடுக்கும் கையேடு, ஆங்கிலத்தில் 18,000 சொல். சொல்லுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்குப் போட்டு 63,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில்: "எங்கள் பட்ஜெட் 35,000 தான் இருக்கிறது. இதை முடித்துக் கொடுங்கள், அடுத்தடுத்து நிறைய வேலை வரும்."

அன்றைக்கு ராத்திரியே பதில் எழுதினேன், நல்லவேளையாக அனுப்பவில்லை. எழுதியது இதுதான்: "சார், நான் 12 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். தொழில்நுட்பத் தமிழ் என்பதால் நேரம் பிடிக்கும். இருந்தாலும் உங்களுக்காக 50,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன். இதற்குக் கீழே கட்டுப்படியாகாது."

காலையில் எழுந்து வாங்குபவர் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். என் 12 வருடம் அவருக்கு எதற்கு? அதைவிட மோசம், வேலையில் ஒரு வரி கூடக் குறையாமல் 13,000 ரூபாய் குறைந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த 13,000 முதலிலேயே சும்மா ஏற்றி வைத்த தொகை என்றுதானே அவர் நினைப்பார்? கடைசி வரியில் "கட்டுப்படியாகாது" என்று சொன்னாலும் நம்ப மாட்டார், ஏனென்றால் 63,000க்கும் நான் அப்படித்தான் இருந்தேன். அடுத்து 42,000 என்று கேட்பார், நான் 46,000க்கு வருவேன், இதே கையேட்டின் அடுத்த பதிப்புக்கு 46,000லிருந்து பேச்சு தொடங்கும். ஃப்ரீலான்ஸாக வேலை செய்யும் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். விலையைக் குறைக்கிறோம், வேலையை அப்படியே வைத்துக்கொள்கிறோம்.

அதனால் மெயிலைத் தொடாமல் முதலில் என் விலையைப் பிரித்து எழுதினேன். மூன்றரை ரூபாயில் கலைச்சொல் பட்டியல், மொழிபெயர்ப்பு, ஒரு சுற்றுத் திருத்தம் எல்லாம் சேர்ந்து 2 ரூபாய் 60 காசு, அதாவது 46,800. இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டு வரி வரியாகப் படிப்பதற்கு 60 காசு, 10,800. அது என் கைக்கு வராது, அவருக்குப் போய்விடும். லேஅவுட் முடிந்து வரும் பக்கங்களை நான் சரிபார்ப்பதற்கு 30 காசு, 5,400. ஒரு நாளைக்கு 2,000 சொல் என்றால் மொழிபெயர்ப்புக்கே ஒன்பது நாள், மற்றதெல்லாம் சேர்ந்தால் பன்னிரண்டு நாளைத் தாண்டும். அவர் சொல்லும் 35,000இல் இரண்டாவது வாசிப்புக்குக் கொடுத்தது போக எனக்கு நிற்பது 24,200, ஒரு நாளைக்கு 2,000 கூட வராது.

இப்படிப் பிரித்துப் பார்த்தபோதுதான் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்றும் தெரிந்தது. இரண்டாவது வாசிப்பை எடுத்துவிட்டால் விலை சட்டென்று குறையும், ஆனால் இது மின்சாரத்தோடு புழங்கும் பொருள். "மெயின் சுவிட்சை அணைக்காமல் மூடியைத் திறக்காதீர்கள்" என்ற வரியில் ஒரு "காமல்" விழுந்து "அணைத்து" என்று போனால் அர்த்தமே தலைகீழ். ஒன்பது நாள் ஒரே கோப்பைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகவே யாராவது ஒருவர் படித்தே ஆக வேண்டும், அது யார் என்பதை வேண்டுமானால் மாற்றலாம். லேஅவுட்டும் அப்படித்தான். தமிழ் தெரியாத டிசைனர் மென்பொருளில் தமிழுக்கான சரியான அமைப்பை வைக்காமல் பக்கத்தில் ஒட்டினால் "கொ"வில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும், அச்சாகி வந்த பிறகுதான் கவனிப்பார்கள்.

அப்புறம் கையேட்டையே மறுபடி புரட்டினேன். பாதிக்கு மேல் விவசாயிக்கு வேண்டியது: பொருத்துவது, பாதுகாப்பு, தினசரிப் பராமரிப்பு, மோட்டார் ஓடாவிட்டால் என்ன பார்ப்பது. அது எண்ணிப் பார்த்தால் 10,000 சொல். மீதி 8,000 உதிரிபாகப் பட்டியல், தொழில்நுட்ப அட்டவணைகள், வாரண்டி விதிகள், டீலருக்கான குறிப்புகள். இவற்றில் பெரும்பாலானவற்றை மெக்கானிக்கும் டீலரும் இப்போதே ஆங்கிலத்தில்தான் பார்க்கிறார்கள்.

திருத்தி அனுப்பிய மெயில் இது:

"சார், உங்கள் பட்ஜெட்டைத் தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. முழுக் கையேட்டுக்கும் விலை 63,000 தான். அதில் மாற்றம் இல்லை. ஆனால் வேலையின் அளவை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

ஒன்று: 18,000 சொல்லும் முழுமையாக, இரண்டாவது வாசிப்பு, அச்சுப் பக்கச் சரிபார்ப்பு உட்பட 63,000.

இரண்டு: அதே 18,000 சொல், ஆனால் இரண்டாவது வாசிப்பையும் பக்கச் சரிபார்ப்பையும் உங்கள் சர்வீஸ் பிரிவில் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் செய்வார். விலை 46,800. அவர் திருத்தங்களை ஒரே கோப்பாக, ஐந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். யார் என்பதைத் தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள்.

மூன்று: விவசாயி படிக்கும் நான்கு பகுதிகள் மட்டும், 10,000 சொல், எல்லாச் சரிபார்ப்பும் உட்பட 35,000. மீதிப் பகுதிகள் ஆங்கிலத்திலேயே இருக்கும். பிறகு எது வேண்டுமானாலும் இதே சொல் விலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த கையேட்டுக்கும் சேர்த்து இப்போதே ஆர்டர் கொடுத்தால், அந்த இரண்டாவது பில்லில் 5 சதவீதம் குறைத்துக்கொள்கிறேன். இந்த விலைகள் 15 நாளுக்குச் செல்லும்."

இதில் என்னைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, மன்னிப்பும் இல்லை. "மாற்றம் இல்லை" என்பதை எழுதக் கை கூசியது, உண்மைதான். "கொஞ்சம் கஷ்டம்" என்று எழுதினால் அது பேரத்துக்கு அழைப்பு என்று தெரிந்ததால் அப்படியே விட்டேன். வேலை நிறைய வரும் என்ற பேச்சுக்கும் முதல் பில்லில் கழிவு கொடுக்கவில்லை, இரண்டாவது வேலை ஆர்டராகக் கையில் வந்தால்தான் கழிவு. மூன்றாவது வழியில் அவர் சொன்ன 35,000 அப்படியே நிற்பதைப் பாருங்கள். உங்கள் பணத்துக்கு இவ்வளவு வேலை வரும் என்று காட்டியாகிவிட்டது, அவருக்கும் மேலே இருப்பவரிடம் காட்ட ஒரு காகிதம் கிடைத்தது. வழிகளை மூன்றோடு நிறுத்தினேன். ஆறு ஏழு கொடுத்தால் இதில் பாதி அதில் பாதி என்று கலக்கத் தொடங்குவார்கள்.

மூன்றோடு நிறுத்தியும் கலக்கப் பார்த்தார்கள். மறுநாள் போன்: "இரண்டாவது வழியையே 40,000க்கு முடிச்சிடலாமே சார்?" "அந்த 6,800க்கு எதை எடுக்கலாம்னு சொல்லுங்க சார், எடுத்துட்டு அனுப்பறேன்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு சர்வீஸ் பிரிவில் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அங்கே யாருக்கும் நேரம் இல்லை போல, நான்கு நாள் கழித்து மூன்றாவது வழிக்கு பர்ச்சேஸ் ஆர்டர் வந்தது.

வேறு மாதிரியும் முடிந்திருக்கலாம். மூன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன், 24,200க்குப் பன்னிரண்டு நாள் உட்கார என்னால் முடியாது. கையில் வேறு வேலையே இல்லாத மாதமாக இருந்தால் இதே மெயிலை அனுப்ப எனக்கும் தைரியம் வந்திருக்குமா என்று சொல்ல முடியாது, அந்த நிலையில் இருப்பவர்கள் குறைத்து வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். அப்போதும் பணத்தோடு சேர்த்து ஏதாவது ஒரு வேலையை வெளியே எடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

நேற்று அதே கம்பெனியிலிருந்து மெயில். வாரண்டி விதிகளும் தமிழில் வேண்டுமாம், 900 சொல். "3,150 ரூபாய்தானே?" என்று கணக்கை அவர்களே போட்டு அனுப்பியிருந்தார்கள்.