நன்றி சொன்ன பிறகு அனுப்ப வேண்டிய செய்தி

ஒருவரைக் காபிக்குச் சந்தித்து அரை மணி நேரம் பேசிவிட்டு, அன்று மாலை நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்புகிறோம். பெரும்பாலான சந்திப்புகள் அந்த நன்றியோடு முடிந்துவிடுகின்றன. என் கருத்தில் உறவைத் தீர்மானிப்பது நன்றிச் செய்தி இல்லை, அதற்குப் பிறகு நான்கைந்து வாரம் கழித்துப் போகும் இரண்டாவது செய்திதான். பலர் அதை அனுப்புவதே இல்லை.

2015இல் நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். தரவுப் பகுப்பாய்வு வேலைக்கு மாற ஆசை. அந்தத் துறையில் மூத்தவரான ஒரு மேடத்தை, நண்பர் ஒருவர் வழியாக முப்பது நிமிடம் சந்தித்தேன். ஒரே நேரத்தில் நான்கு விஷயம் கற்க முயல்வதாகச் சொன்னேன். அவர், "மூணு மாசம் எஸ்கியூஎல் மட்டும் படிங்க. பயிற்சிக்குன்னு எங்கேயும் போய்த் தரவு தேடாதீங்க, உங்க ஆபீஸ்லயே இருக்கும்" என்றார். எஸ்கியூஎல் என்பது தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் கணினி மொழி.

வெளியே வந்ததும் போனில் ஐந்து வரி குறித்துக்கொண்டேன். அவர் எனக்குச் சொன்னது இரண்டு வரி. மீதி மூன்றும் அவரைப் பற்றியவை: புதிதாக ஒரு குழு கட்டுகிறார், அனுபவம் இல்லாதவர்களை எப்படி நேர்காணல் செய்வது என்பதில் குழப்பம் இருக்கிறது, எப்போதாவது கற்பிக்கும் வேலைக்குப் போக ஆசை. பின்னால் அனுப்பிய செய்திகளில் முக்கால்வாசி இந்த ஐந்து வரியிலிருந்துதான் வந்தன. மறுநாள் எழுதலாம் என்று விட்டிருந்தால் அறிவுரை மட்டும்தான் நினைவிருந்திருக்கும். அவர் தன்னைப் பற்றிப் போகிறபோக்கில் சொன்னது மறந்தே போயிருக்கும்.

ஐந்து வாரம் கழித்து இப்படி அனுப்பினேன்: "மேடம், நீங்கள் சொன்னபடி எங்கள் ஆபீஸ் பில்களையே எடுத்துப் பார்த்தேன். தாமதமாக வரும் பணத்தில் பாதிக்கு மேல் மூன்றே வாடிக்கையாளர்களிடம் நிற்கிறது. இது இதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. பதில் எழுத வேண்டும் என்று இல்லை, உங்களிடம் சொல்லத் தோன்றியது."

அறிவுரை கேட்க வருகிறவர்கள் நிறைய. கேட்டதைச் செய்தார்களா, என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்கிறவர்கள் குறைவு. அறிவுரை சொன்னவருக்கு அது கிணற்றில் போட்ட கல் மாதிரிதான் இருக்கும். அதனால் விளைவு தெரியும்போது, தான் செலவிட்ட அரை மணி நேரம் வீண் போகவில்லை என்று அவருக்குப் புரிகிறது. செய்து பார்த்துச் சரியாக வராவிட்டாலும் அதைச் சொல்லலாம். பத்து நிமிடத்தில் அவர் பதில் வந்தது: "அந்த மூணு பேர் ஏன்னு பாத்தீங்களா?"

அவர் கேள்வி கேட்டார் என்பதுதான் இங்கே முக்கியம். பதிலில் ஒரு கேள்வி இருந்தால் பேச்சு உயிரோடு இருக்கிறது. வெறும் கட்டைவிரல் குறி வந்தால் அடுத்த இடைவெளியை நீட்ட வேண்டும். இரண்டு முறை பதிலே வராவிட்டால், அவர் பக்கம் உண்மையிலேயே ஏதாவது நடக்கும்வரை காத்திருக்க வேண்டும். "முந்தைய செய்தியைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்கவே கூடாது.

அடுத்த வருடம் நேர்காணல் பற்றி ஒரு நல்ல கட்டுரை கண்ணில் பட்டது. சுட்டியை அப்படியே தள்ளிவிடாமல், "நீங்கள் அன்று சொன்ன சிக்கலுக்கு மூன்றாவது பத்தி பொருந்தும் என்று நினைக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்தேன். வெறும் சுட்டி என்றால் முழுவதையும் படித்துப் பார்க்கும் வேலை அவர் தலையில் விழும். "எப்படி இருக்கீங்க மேடம், ரொம்ப நாளாச்சு" என்பதும் அப்படித்தான். பார்க்கச் சின்னச் செய்தி, ஆனால் என்ன பதில் எழுதுவது என்று யோசிக்கும் பாரம் முழுக்க வாங்குபவருக்கு. பண்டிகைக்கு எல்லோருக்கும் போகும் வாழ்த்துப் படத்தை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

2017இல் நான் நினைத்த வேலைக்கு மாறினேன். சொன்னேன், வாழ்த்தினார். 2018இல் இரண்டு செய்திக்குப் பதில் இல்லை. மனது சங்கடப்பட்டது, ஏதோ தவறாக எழுதிவிட்டோமோ என்று பழையதையெல்லாம் மேலே ஏற்றிப் படித்தேன். அப்புறம் பதினொரு மாதம் எதுவும் அனுப்பவில்லை. 2019இல் அவர் ஒரு பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தது தெரியவந்தது. "கற்பிக்கும் வேலைக்குப் போக ஆசை என்று நான்கு வருடம் முன்பு சொன்னீர்கள், போய்விட்டீர்கள். ரொம்ப சந்தோஷம்" என்று எழுதினேன். அன்றிரவே நீளமாகப் பதில் வந்தது. முந்தைய வருடம் முழுக்க அவர் அப்பாவுக்கு உடல்நலம் சரியில்லை, யாருக்குமே பதில் எழுத முடியவில்லையாம். மௌனத்துக்கு நாமாக ஒரு காரணம் கற்பித்துக்கொள்வது எவ்வளவு தவறு என்று அன்று தெரிந்தது.

எதிர்பாராமல் ஒரு செய்தி வந்தால் தொந்தரவாக நினைப்பார்களோ என்பதுதான் எல்லோருடைய தயக்கமும். ஆய்வாளர் பெக்கி லியூவும் அவருடன் இருந்தவர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. அனுப்புகிறவர்கள் நினைப்பதைவிட வாங்குகிறவர்கள் அதிகமாகவே மகிழ்கிறார்கள், அதற்கு ஒரு காரணம் அது எதிர்பாராமல் வருவது.

வருடத்துக்கு ஒன்றிரண்டு செய்தி போதுமா என்று கேட்பவர்களுக்கு சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதியதைச் சொல்வேன். தெரிந்தவர் வழியாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்த்து வந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் சுமார் 17 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் சுமார் 28 சதவீதம். மற்றவர்கள் இரண்டுக்கும் நடுவே. அவர் பேசியது சில டஜன் பேரிடம்தான், சின்ன ஆய்வு. ஆனால் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

உதவி கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்னொருவரிடம் நான் செய்த தவறு இது. நல்ல சந்திப்பு, நன்றி சொன்னேன், பிறகு எட்டு மாதம் பேச்சே இல்லை. எட்டாவது மாதம் என் பயோடேட்டாவை அனுப்பி வேலை கேட்டேன். மரியாதையாக ஒரு வரி பதில் வந்தது, அதோடு முடிந்தது. அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. இடையில் ஒரே ஒரு செய்தி போயிருந்தால் என் கோரிக்கை அவருக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

மேடத்திடம் நான் முதன்முதலாக ஏதாவது கேட்டது 2022இல், ஏழு வருடம் கழித்து. இரண்டு வேலை வாய்ப்பு கையில் இருந்தன. "இருபது நிமிடம் பேச முடியுமா? இந்த மாதம் முடியாது என்றால் பரவாயில்லை, நானே முடிவெடுத்துக்கொள்கிறேன்" என்றுதான் கேட்டேன். மறுக்க எளிதாக வழி விட்டுக் கேட்பது என் வழக்கம். அன்று மாலையே கூப்பிட்டார். அதற்கு ஒரு வருடம் முன்பே அவர் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். கணக்குப் பின்னணியிலிருந்து வந்த மாணவி ஒருத்திக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று.

எல்லோரிடமும் இது பலித்தது என்று சொல்லமாட்டேன். எட்டுப் பேரிடம் இதையே செய்தேன், மூன்று பேர் நிலைத்தார்கள். மற்ற ஐவரிடம் பேச்சு தானாகக் குறைந்தது, நானும் தொடரவில்லை. மேடத்துக்கு நான் இதுவரை அனுப்பியவை எல்லாம் சேர்த்துப் பதினேழு செய்திகள்தான்.

அந்த மாணவியை நான் சந்தித்துவிட்டு வந்து ஆறு வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "சார், நீங்க சொன்னதைச் செஞ்சு பாத்தேன். ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன், அப்புறம் நானே சரி பண்ணிட்டேன்." அதை அப்படியே மேடத்துக்கு அனுப்பி வைத்தேன்.