“ஓகே”ன்னா எது ஓகே அண்ணே?

காரைக்குடியில் ஆத்தங்குடி டைல்ஸ் ஆர்டர் பார்க்கிற ஆபீஸ். 31 மெயில் ஓடிய ஒரு சங்கிலியை மேலாளர் அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் எதையும் தோண்டக் கூடாதென்று தலைப்பையே ‘முடிவு தேவை: வியாழன் மாலை 4 மணி’ என்று மாற்றினேன். மேலே நாலே வரி:

“பார்டர் பச்சை வேண்டாம், சிவப்பு வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். பாதி டைல்ஸ் வார்த்து தண்ணீர்த் தொட்டியில் கிடக்கிறது, இனி நிறம் மாற்ற முடியாது. அ) கூடுதல் பணம் வாங்கிப் புதிதாக வார்க்கலாம். ஆ) பச்சையே என்று சொல்லிவிடலாம். என் யோசனை அ. கூடுதல் தொகைக்கு அவர் ஒப்புக்கொண்டது 19ஆம் தேதி மெயிலில்.”

பதில் வந்தது: “ஓகே.”

எது ஓகே? அ-வா, ஆ-வா, இல்லை நான் உயிரோடு இருப்பதா? திரும்பக் கேட்டால், “என்னப்பா விஷயம், சுருக்கமா சொல்லு” என்று போன். சுருக்கம்தானே அண்ணே அது! போன மாதம் ஒருமுறை கீழேயிருந்து படித்து, என்றைக்கோ முடிந்துபோன விலைச் சண்டைக்குத் தீர்ப்பு சொன்னார். (அதுவும் தப்பான தீர்ப்பு.)

வியாழன் 4 மணியும் போனது. 4:20-க்கு வருகிறது: “இதை ஏன் முன்னாடியே சொல்லலை?”