முகத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள்

எங்கேயோ கிடைத்த பூனைக்குட்டியின் முகத்தைக் கிட்டத்தில் வைத்து ஒரே ஒரு படம் எடுத்து, "அக்கா, இது ஆணா பொண்ணா, எத்தனை மாசம் இருக்கும்?" என்று அனுப்புகிறார்கள். தெரியாது என்றால் கோபம் வேறு. "இத்தனை பூனை வளர்த்திருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?" வளர்த்ததால்தான் சொல்கிறேன், அந்தப் படத்தில் பதில் இல்லை. அதற்குள் வேறு யாராவது "தலை பெருசா இருக்கு, ஆண்தான், ஒரு மாசம்" என்று அடித்துச் சொல்லிவிடுவார்கள். எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

குட்டியின் முகத்தில் ஆண், பெண் என்று எதுவும் எழுதியிருக்காது. கன்னம் தடித்து முகம் அகலமாவது கருத்தடை செய்யாத, நன்றாக வளர்ந்த ஆண் பூனைக்குத்தான். குட்டியில் பார்க்க வேண்டிய இடம் வால் அடியில் இருக்கிறது. பெண்ணுக்கு ஆசனவாய்க்கு ஒட்டியே கீழே ஒரு சின்ன நீளக் கீறல் தெரியும். ஆணுக்கு இடைவெளி அதிகம், நடுவில் விதைப்பை வரும் இடம், அதற்கும் கீழே உருண்டையாக ஒரு சிறு துளை. பிறந்து சில வாரமே ஆன குட்டியில் இந்த வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். முடி அடர்த்தியாக இருந்தாலோ குட்டி நெளிந்தாலோ, வாலைத் தூக்கி எடுத்த படத்திலும் ஏமாந்துபோகலாம். கூடப் பிறந்த குட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பல நேரம் பிடிபடும். வளர்ந்த பூனையில் விதைப்பை தெரியவில்லை என்பதால் பெண் என்றும் சொல்லிவிட முடியாது, கருத்தடை செய்த ஆணாக இருக்கலாம்.

நிறத்தை வைத்துச் சொல்பவர்களும் உண்டு. கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெண்தான், அந்த ஒன்றுக்குப் படம் போதும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செம்மஞ்சள் பூனை என்றாலே ஆண் என்பது தப்பு. அதில் ஆண்கள் அதிகம், அவ்வளவுதான். பெண்களும் நிறையவே இருக்கின்றன.

வயது இதைவிட மோசம். படத்தில் அளவு தெரியாது. அதிலும் போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் எடுத்தால் தலையும் கண்ணும் பெரிதாகி உடம்பு சுருங்கித் தெரியும், நாலு மாதக் குட்டிகூடப் பச்சைக்குட்டி மாதிரி இருக்கும். குட்டிகளின் நீலக் கண் ஆறேழு வாரத்தில் நிறம் மாறத் தொடங்கும், அது நல்ல அடையாளம். ஆனால் மஞ்சள் விளக்கில், ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் அந்த நிறத்தை எப்படி நம்புவது?

அப்படித்தான் ஒரு குட்டியை "ஒரு மாச ஆண்" என்று முடிவுகட்டி, புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கையில் வாங்கிப் பார்த்தபோது எலும்பும் தோலுமாக, வயிறு மட்டும் உப்பி, ஒரு கிலோகூட இல்லை. எடையைப் பார்த்தால் சின்னக் குட்டிதான். உதட்டைத் தூக்கினேன். முன்பற்களில் ஊசி மாதிரியான பால்பல் விழுந்து, அகலமான நிலைப்பல் வந்திருந்தது. கோரைப்பல் மட்டும் இன்னும் பால்பல். முன்பற்கள் மாறுவது சுமார் மூன்றரை, நாலு மாதத்தில், கோரைப்பல் அதற்குப் பிறகு. அப்படியென்றால் நாலு மாதத்தை ஒட்டிய குட்டி, பட்டினியாலும் குடல்புழுவாலும் வளராமல் போயிருக்கிறது. வாலைத் தூக்கினால் பெண். பெண் பூனைகள் நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடுவதுண்டு, இதையோ "ரெண்டும் ஆண்தானே" என்று கருத்தடை செய்யாத ஆணோடு ஒரே அறையில் விட்டிருந்தார்கள். திட உணவும் புழு மருந்தும் கொடுக்க வேண்டிய குட்டிக்குப் பாலைப் புகட்டி, இன்னும் சில வாரம் விட்டிருந்தால் அந்த உடம்போடு சினையாகியிருக்கும். யார் பொறுப்பு? படத்தைப் பார்த்து ஆரூடம் சொன்னவரா?

ஆறு, ஏழு மாதத்தில் பற்களெல்லாம் மாறி முடிந்தபிறகு நேரில் பார்த்தாலும் "வளர்ந்த பூனை" என்றுதான் சொல்ல முடியும். பல்லில் காறை ஏறியிருப்பதை வைத்து ஐந்து வயது என்பார்கள். ஈறு நோய் இருந்தால் சின்ன வயதிலேயே காறை பிடிக்கும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, படம்தான் அனுப்ப முடியும் என்றால் ஒழுங்காக அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில் வாலைத் தூக்கி ஒன்று, உதட்டை விலக்கிப் பல் தெரிய ஒன்று, முழு உடம்பும் பக்கவாட்டில் ஒன்று. சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து இதையெல்லாம் திரும்ப அனுப்புங்கள். அப்போதும் நான் "மூன்றிலிருந்து நாலு மாதம் இருக்கலாம், பெண் மாதிரி தெரிகிறது, மருத்துவர் கையில் எடுத்துப் பார்க்கட்டும்" என்றுதான் சொல்வேன். அதுவரை தயவுசெய்து அதை வேறு பூனையோடு சேர்த்து விடாதீர்கள்.