வங்கி ஊழியரிடம் வீட்டில் கொடுத்த பணம்

தாராவியில் எங்கள் சந்தில் இட்லி வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர், சேமிக்கிற பணத்தைச் சில மாதங்களாக ஒரு வங்கி எழுத்தரிடம் கொடுத்துவந்தார். அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான், இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். "வரிசையில் நின்று பொழுதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் அக்கா, நானே கட்டிவிடுகிறேன்" என்பார். முதலில் ஒழுங்காகக் கட்டினார். பிறகு கட்டவில்லை. இப்போது வங்கி கையை விரிக்கிறது.

வங்கி ஆள் எடுத்தான், வங்கிதான் தரவேண்டும் என்று சந்தே கொதிக்கிறது. வழக்கறிஞராக இருந்தும் எனக்கும் அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது. ஆனால் நீதிமன்றம் இதை எப்படிப் பார்க்கும் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊழியர் தன் வேலையைச் செய்யும் போக்கில் இழைத்த தவறுக்கு, தன் பங்கில் எந்தத் தவறும் இல்லாவிட்டாலும் முதலாளி பொறுப்பு. அந்தத் தவறு திருட்டாகவே இருந்தாலும், பணம் முழுவதும் ஊழியரின் சட்டைப் பைக்கே போயிருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஆகவே வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்தான்: அந்தப் பணத்தை அவர் வாங்கியது வங்கி வேலையாகவா, அறிந்தவர் என்ற முறையிலா?

1978இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்டேட் வங்கி எதிர் சியாமா தேவி வழக்கு, அக்காவின் கதையேதான். அலகாபாத் கிளையில் கணக்கு வைத்திருந்த பெண்ணின் கணவர், கணக்கில் கட்டச் சொல்லி ரொக்கத்தையும் காசோலையையும் வங்கி ஊழியர் ஒருவரிடம் கொடுத்தார். அவர் பக்கத்து வீட்டுக்காரர், நண்பர். கவுன்டரில் கொடுக்கவில்லை, ரசீது வாங்கவில்லை. சேமிப்புக் கணக்குக் கவுன்டர் அந்த ஊழியரின் பொறுப்பிலும் இல்லை. பாஸ்புக்கில் பொய்யாக வரவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தை விழுங்கிவிட்டார். உயர் நீதிமன்றத்தில் வென்ற அந்தப் பெண் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். பணத்தை வாங்கியபோது அவர் வாடிக்கையாளரின் ஆள், வங்கியின் ஆள் அல்ல என்றது தீர்ப்பு. வங்கியில் வேலை பார்த்ததால் ஏமாற்ற வாய்ப்புக் கிடைத்தது என்பது மட்டும் போதாதாம்.

இதற்கு நேர் மறுபக்கம் 2022இல் வந்த பிரதீப் குமார் வழக்கு. கிசான் விகாஸ் பத்திரங்களை லக்னோவுக்கு மாற்றித் தரச் சொல்லி ஒரு முகவரிடம் கொடுத்திருந்தார்கள். பெருந்தொகையைக் காசோலையாகத்தான் தரவேண்டும் என்ற விதியை மீறி, அஞ்சலக ஊழியர் முகவரின் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டார். இழப்புக்கு அஞ்சல் துறை பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம். இங்கும் நம்பிக் கொடுத்த கை ஒன்று இருந்தது. ஆனால் தவறு நடந்தது அஞ்சலகத்துக்குள், பணம் பட்டுவாடா செய்யும் வேலையை ஊழியர் செய்துகொண்டிருந்தபோது.

அக்கா வங்கிக்குப் போய் அதே எழுத்தரிடம் கவுன்டரில் கொடுத்து, முத்திரையிட்ட அடிச்சீட்டை வாங்கியிருந்தால் வங்கியால் தப்பிக்க முடியாது. வீட்டு வாசலில் கொடுத்ததால் 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்படியே குறுக்கே நிற்கிறது.

அந்தத் தீர்ப்பு இன்றைய நிலைக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து. கிளை ஊழியர்களைத் தெருத் தெருவாக அனுப்பிக் கணக்குப் பிடிக்கச் சொல்வது வங்கிகளே. அக்கம்பக்கத்துப் பழக்கம்தான் அவர்களுக்கு மூலதனம். அந்தப் பழக்கத்தால் வந்த வைப்புத்தொகை வங்கிக்கு, நஷ்டம் மட்டும் இட்லிக்காரிக்கு என்பது என்ன நியாயம்? ஊழியர் எங்கே நின்று பணத்தை வாங்கினார் என்பதோடு, அவர் இப்படி வசூலிப்பது மேலாளருக்குத் தெரியுமா, தெரிந்தும் விட்டுவைத்தாரா என்றும் நீதிமன்றம் கேட்கவேண்டும். அனுமதி பெற்றவர் போல ஒருவர் நடந்துகொள்ள முதலாளியே இடம் கொடுத்தால், பிறகு அனுமதி இல்லை என்று சொல்ல முடியாது என்பது பழைய சட்டக் கொள்கைதான்.

அக்காவின் வழக்கை அந்தப் பக்கம்தான் திருப்பவேண்டும். முதல் மாதங்களில் உண்மையாகக் கட்டிய பணத்தின் சீட்டுகள் கிளையில் இருக்கும், எல்லாம் அந்த எழுத்தரின் கையெழுத்தில். யார் கணக்கிலும் யாரும் பணம் கட்டலாமே என்று வங்கி மறுக்கும். அதனால் அக்காவின் சீட்டு மட்டும் போதாது. சந்தில் இன்னும் இரண்டு மூன்று வீட்டார் அவரிடமே கொடுத்திருக்கிறார்கள். காலைதோறும் ஒரே ஊழியர் பலருடைய சீட்டுகளை எழுதிக்கொண்டு வருவதைக் காசாளர் வாங்கிக்கொண்டே இருந்தார் என்றால், கிளைக்குத் தெரியாது என்ற பேச்சு நிற்காது. எதிராகவும் ஒன்று உண்டு: உண்மையாகக் கட்டியபோது வந்த குறுஞ்செய்தி பிறகு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லையா என்பார்கள். அக்காவின் கைப்பேசி மகனிடம் இருந்தது. அதைச் சாட்சியத்தில் சொல்லியாகவேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. எழுத்தர் பணம் கட்டியதைக் காட்டக்கூடிய கிளையின் கேமராப் பதிவு அவ்வளவு காலம் காத்திருக்காது. பதிவையும் பழைய சீட்டுகளையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி மேலாளருக்கு எழுதிய கடிதம் இன்று விரைவுத் தபாலில் போயிருக்கிறது. அந்த எழுத்தரிடம் பணம் கொடுத்த மற்ற வீட்டார் தயங்காமல் என்னிடம் வந்து சொல்லுங்கள்.