வொய்ஸ்மெயில் விட்டாச்சு, ஈமெயிலில என்ன எழுதுறது?

வன்னியில இருந்து லண்டனுக்கு, கனடாவுக்குச் சாமான் அனுப்புற சின்னச் சங்கங்களும் சுயதொழில் செய்யிற ஆக்களும் இப்ப கூடிவிட்டினம். அங்க கோல் எடுத்தா பாதி நேரம் வொய்ஸ்மெயில்தான். குரலை விட்டுப்போட்டு, "உங்களுக்கு வொய்ஸ்மெயில் விட்டனான், தயவுசெய்து கேளுங்கோ" எண்டு ஒரு ஈமெயிலும் போடுவினம். என்னைக் கேட்டா அந்த ஈமெயில் வீண். அதை வாசிக்கிறவருக்குப் புதுசா ஒண்டும் தெரியவராது, வேலை மட்டும் ஒண்டு கூடுது.

முழு விசயமும் ஈமெயிலில இருக்கவேணும். குரல் அந்த ஈமெயிலைத் தேடிப் பிடிக்கப் பண்ணினாக் காணும். அதால ஈமெயிலை முதலே எழுதி வைச்சிட்டுத்தான் கோல் எடுக்கவேணும். ஆள் எடுத்தா அதைப் பார்த்தே கதைக்கலாம். எடுக்காட்டி, குரலை விட்ட கையோட, ஐஞ்சு பத்து நிமிசத்துக்குள்ள, நேரத்தை மட்டும் சேர்த்து அனுப்பலாம்.

ஒரு உதாரணம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சங்கம் லண்டன் கடைக்கு 40 கிலோ ஒடியல் மா அனுப்பப்போகுது, அரைக்கிலோ பைக்கற்றில. லேபலுக்குக் கடைக்காரர் சரி சொன்னாத்தான் அச்சுக்குக் குடுக்கலாம். குரல் அரை நிமிசத்துக்கு மேல போகக்கூடாது:

"வணக்கம் அண்ணை, ஒட்டுசுட்டான் சங்கத்துச் செயலாளர் கதைக்கிறன். ஒடியல் மா லேபலுக்கு வெள்ளிக்கு முதல் உங்கட சம்மதம் வேணும். இப்ப ஈமெயில் வரும், தலைப்பு 'ஒடியல் மா லேபல்: வெள்ளிக்கு முதல் பதில்'. அதுக்குப் பதில் போட்டாலே காணும்."

பிறகு நம்பரை ஆறுதலா இரண்டு தரம் சொல்லவேணும். +94 க்குப் பிறகு முதல் சைபர் வராது, கனபேர் அதையும் சேர்த்துச் சொல்லிப்போடுவினம்.

ஈமெயில் இப்படி:

தலைப்பு: ஒடியல் மா லேபல்: வெள்ளிக்கு முதல் பதில்

"வணக்கம் அண்ணை. ஒட்டுசுட்டான் சங்கத்துச் செயலாளர் எழுதுறன். உங்கட நேரம் இண்டைக்குக் காலை 10.40 க்குக் கோல் எடுத்து வொய்ஸ்மெயில் விட்டனான். அதில சொன்னது இதுதான்: 80 பைக்கற்றுக்கான லேபலை இதோட இணைச்சிருக்கிறன். நிறை, காலாவதித் திகதி இரண்டையும் பார்த்து, வெள்ளி பகல் 12 மணிக்கு முதல் (எங்கட 4.30) 'சரி' எண்டு எழுதினாப் போதும். கதைக்க விரும்பினா, உங்கட 10 மணியில இருந்து 1 மணி மட்டும் ஃபோன் கையில இருக்கும்."

குரலில சொன்ன தலைப்பு எழுத்துக்கெழுத்து இங்க வரவேணும், அவர் அதைத்தான் தேடுவார். கேள்வியும் ஒண்டாவே இருக்கவேணும். குரலில லேபலைக் கேட்டு ஈமெயிலில விலையையும் கேட்டா, லேசான கேள்விக்கு மட்டும் பதில் வரும், லேபல் கிடப்பில கிடக்கும். குரலைக் கேட்காமலே ஈமெயிலைத் திறக்கிற ஆக்களும் உண்டு, அவையளுக்கும் விளங்கவேணும். சில ஃபோன் குரலை எழுத்தாக்கிக் காட்டும், எங்கட ஊர்ப்பேர் அதில உருக்குலைஞ்சு போகும். சரியான எழுத்து ஈமெயிலில கிடைக்கட்டும்.

நேரத்தை அவையின்ர நேரத்தில போடுங்கோ. லண்டன் கோடையில எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பிந்தி. ஒக்டோபர் கடைசி ஞாயிறில இருந்து மார்ச் கடைசி ஞாயிறு மட்டும் ஐந்தரை. அந்தக் கிழமையளில பிழைச்சா, அவர் எடுக்கேக்க நீங்கள் சிக்னல் இல்லாத இடத்தில நிற்பியள்.

கோலைத் தவறவிட்டது நாங்களெண்டா கதை கொஞ்சம் வேறை. 011 இல தொடங்கிற கொழும்பு அலுவலக நம்பரைத் திருப்பி எடுத்தா, ஒப்பரேற்றர் "யாரோட கதைக்கவேணும்?" எண்டு கேட்பார். எடுத்தது எந்தப் பிரிவு எண்டு அவருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அப்ப அந்த அலுவலகத்தோட ஏற்கெனவே நடந்த ஈமெயிலுக்கு மேலயே பதில் போடுங்கோ: "இண்டைக்குப் பின்னேரம் 2.10 க்கு உங்கட 011 நம்பரில இருந்து வந்த கோலை எடுக்க முடியேல்ல. 2.45 க்குத் திருப்பி எடுத்தனான், யார் எடுத்தது எண்டு தெரியேல்ல. உங்களோட நிலுவையில இருக்கிறது எங்கட பதிவு விண்ணப்பம், இலக்கம் இன்னது. அதுபற்றியெண்டா நாளைக்கு 9 தொடக்கம் 11 மட்டும் என்ர நம்பரில நிற்பன்." சிக்னல் இல்லாததுக்கு மூண்டு வரி மன்னிப்பு தேவையில்லை, கோல் வந்த நேரமும் விண்ணப்ப இலக்கமும் இருந்தாத்தான் அவையள் ஆளைக் கண்டுபிடிப்பினம்.

பதில் வராட்டி இரண்டு வேலைநாள் விட்டு, அதே ஈமெயிலுக்கு மேல ஒரு வரி போட்டு, அதோட ஒரு கோல். புதுத் தலைப்பில புது ஈமெயில் போட்டா பழையது பிரிஞ்சு போகும்.

இடையில கோலில கதைச்சு முடிஞ்சிட்டா, கனபேர் ஈமெயிலை அப்படியே விட்டிடுவினம். அங்க வேறை ஒருத்தர் பிறகு அதைத் திறந்து, முடிஞ்ச விசயத்துக்கு வேறை பதில் எழுதுவார். அதால அதுக்கு மேலயே "இப்ப கதைச்சம், லேபல் சரி, காலாவதித் திகதி மட்டும் பெரிய எழுத்தில போடுறம்" எண்டு எழுதி அனுப்பிப்போட்டு அச்சுக்குக் குடுங்கோ.