அட்வான்ஸ் தகராறு முடிந்த கதை

வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸ் பணத்துக்காக நடக்கும் சண்டை பெரும்பாலும் போனில்தான் நடக்கிறது. ஒருவர் "சுவரெல்லாம் போச்சு" என்பார், மற்றவர் "நான் வந்தப்பவே அப்படித்தான்" என்பார். போட்டோவையும் ரசீதையும் மேசையில் வைத்துக்கொண்டு இருவரும் நேரில் உட்கார்வதுதான் சரியான வழி என்று உறுதியாக நம்புகிறேன். அப்படி நடந்த ஒரு பேச்சில், இருவருக்கும் தெரிந்தவன் என்பதால் நானும் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் மூன்று வருடம் குடியிருந்தவர். அட்வான்ஸை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் பெயின்டுக்கு 40, வாஷ்பேசினுக்கு 15, ஓதம் ஏறிய சுவருக்கு 30 என்று 85 பங்கைக் கழித்துவிட்டு, 15தான் தருவேன் என்றிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. கையிலிருந்து செலவழித்த பணம், பில்லும் இருக்கிறது, அதைக் கேட்பது நியாயம்தானே என்று நினைத்தார்.

முதலில் பெயின்ட். அவர் காட்டிய பில் நான்கு அறைகளுக்கும் சேர்த்துப் போட்டது. குடிவந்த நாளில் எடுத்த போட்டோவையும் காலி செய்த நாளில் எடுத்ததையும் அறை அறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்று அறைகளில் நிறம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். வீட்டில் ஆள் இருந்தால் அது நடக்கும். நான்காவது அறையில் மட்டும் அலமாரி மாட்டிய திருகுகள் பூச்சோடு பெயர்ந்து வந்திருந்தன. அதை அந்தப் பெண் மறுக்கவில்லை. ஆக 40இல் ஒரு அறைக்கு 10. அதோடு முடியவில்லை. அவர் குடிவருவதற்குச் சற்று முன்தான் பெயின்ட் அடித்தது என்று வீட்டுக்காரரின் பழைய ரசீதே சொன்னது. ஒரு பெயின்ட் ஐந்து வருடம் தாங்கும் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று வருடம் ஏற்கெனவே ஓடிவிட்டது, வீணானது மிச்சம் இரண்டு வருடம்தான். 10இல் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 4.

இந்தக் கணக்கைத்தான் பலர் போடுவதே இல்லை. பழைய பொருள் கெட்டதற்குப் புதுப் பொருளின் முழு விலையைக் கேட்டால், தேய்ந்துபோன காலத்துக்கும் சேர்த்துக் குடியிருந்தவரே கட்டுவதாக ஆகிவிடும்.

வாஷ்பேசினில் நிலைமை மாறியது. "விரிசல் முன்னாடியே இருந்துச்சு ஐயா" என்றார் அந்தப் பெண். ஆனால் அவருடைய குளியலறைப் போட்டோ வாசலில் நின்று எடுத்தது, பேசின் ஓரத்தில் பாதிதான் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் முந்தைய குடித்தனக்காரர் போனபோது கிட்டே இருந்து எடுத்த படம் இருந்தது. விரிசலே இல்லை. "சரி, இது என் பொறுப்பு" என்று அந்தப் பெண் உடனே ஏற்றுக்கொண்டார். பில்லைப் பிரித்துப் பார்த்தால் பேசின் 8, குழாய் 5, கூலி 2. குழாயைப் போன வருடம்தான் அவர் தன் செலவில் மாற்றியிருந்தார், ரசீது இருந்தது. நன்றாக இருந்த குழாய் என்பதால் பில்லிலிருந்து அந்த 5 கழிந்தது. பேசின் பழையது, அதற்குப் பாதி என்று பேசி 4, கூலி முழுசாக 2. மொத்தம் 6.

ஓதம்தான் பெரிய தொகை. "ஜன்னலைத் திறக்காம வெச்சிருந்தா ஓதம் வராம என்னம்மா பண்ணும்?" என்று கேட்டார் வீட்டுக்காரர். காற்றோட்டம் இல்லாமல் வரும் பூஞ்சை பெரும்பாலும் மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகளாகப் படரும். இங்கே கறை சுவரின் நடுவில், குளியலறைக் குழாய் போகும் இடத்துக்கு நேர் பின்னால் இருந்தது. ஓரத்தில் பழுப்புக் கோடு. மாதாமாதம் எடுத்த மூன்று படங்களில் அதே இடத்திலிருந்து வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. குழாய்க் கசிவு என்பதற்கு அது வலுவான அடையாளம். சுவரை உடைத்து வேலை பார்த்த பிளம்பரின் பில்லிலும் 'இணைப்பு மாற்றியது' என்றே இருந்தது. அந்தப் பில்லைக் கொண்டுவந்தவர் வீட்டுக்காரரேதான்.

இன்னொன்றும் முக்கியம். அந்தப் படங்களை அந்தப் பெண் அப்போதைக்கப்போதே வீட்டுக்காரருக்கு மெசேஜில் அனுப்பியிருந்தார். இப்படி அனுப்பும்போது படத்துக்குள் பதிவான எடுத்த தேதி பெரும்பாலும் அழிந்துவிடும், ஆனால் அனுப்பிய தேதி உரையாடலில் நிற்கும். சொல்லாமல் விட்டிருந்தால், கசிவு குழாயுடையதாக இருந்தாலும், சேதம் பெரிதானதில் அவருக்கும் பங்கு உண்டு என்று வீட்டுக்காரர் நியாயமாகவே வாதாடியிருக்கலாம். தேதியைப் பார்த்ததும் அவர் அந்த 30ஐத் தானே அடித்துவிட்டார்.

என்ன நிலை, யார் காரணம் என்று போட்டோ சொல்லும். எவ்வளவு என்று ரசீது சொல்லும். வெறும் ரசீதை வைத்துக் கணக்குப் போட்டதால்தான் வீட்டுக்காரரின் பிடித்தம் 85க்குப் போனது. வெறும் போட்டோவோடு வந்திருந்தால் அந்தப் பெண்ணால் குழாயின் 5 பங்கைக் காப்பாற்றியிருக்க முடியாது.

கடைசியில் பிடித்தம் 10, திருப்பித் தருவது 90. எதற்கு எவ்வளவு என்று ஒரு தாளில் வரிவரியாக எழுதி, இதற்குமேல் இருவருக்கும் பாக்கி இல்லை என்றும் சேர்த்து, கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டார்கள். எழுந்திருப்பதற்கு முன்பே வீட்டுக்காரர் போனில் பணத்தை அனுப்பிவிட்டார்.